தம்பிக்கு, அக்கா எழுதுவது

அன்புள்ள தம்பி,

போனில் பேசினால் பாதியிலேயே நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். நானும் "சரி, விடு" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் தலைத்திவசம் முடிந்த மறுவாரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் சித்தப்பாவிடம் நீ சொல்லிக்கொண்டிருந்தாய்: "அப்பா எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் வளர்த்தார்." அன்றிலிருந்து அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. நிலத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மகளுக்கும் சம பங்கு என்று நம் மாநிலத்தில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. அது தெரிந்துதான், மனமுவந்துதான் எழுதிக் கொடுத்தேன். ஆனால் ஒரே மாதிரி வளர்க்கவில்லை, தம்பி.

பதினொன்றாம் வகுப்பில் எனக்கு அரசு கொடுத்த சைக்கிள் நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வந்த மறுநாளே அப்பா ஸ்பேனரோடு திண்ணையில் உட்கார்ந்து முன்கூடையைக் கழற்றினார். சீட்டை உன் உயரத்துக்கு மாற்றினார். "அவனுக்கு டியூஷன் இருக்கிறது, நீ பஸ்ஸில் போய்க்கொள்" என்றார். அந்தக் கூடையில் அம்மா வெங்காயம் போட்டு வைத்தாள். அடுக்களைக்குப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

பிளஸ் டூவில் 1200க்கு 1087 வாங்கினேன். பஸ் போகிற வழியில் உள்ள மகளிர் கல்லூரி போதும் என்று முடிவானது. இரண்டு வருடம் கழித்து, உன் பொறியியல் சீட்டுக்காக ஆற்றங்கரை மூன்று மா நிலம் அடமானத்துக்குப் போனது. பணம்கூடப் பெரிதில்லை. என்ன படிக்க ஆசை என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் வாங்கி, நிரப்பியே வைத்திருந்தேன். இது இன்றுவரை உனக்கும் தெரியாது.

நீ எதையும் கேட்டு வாங்கியவன் இல்லை. கேட்காமலே கிடைத்தது, அதனாலேயே உன் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. என் பிரசவத்தின்போது விடிய விடிய ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவன் நீ. உன் பாசத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அதனால்தான் உன்னிடம் சொல்ல முடிகிறது.

பொங்கல் சீர் கொண்டு வரும்போது அன்றே திரும்பிவிடாதே. ஓர் இரவு தங்கு. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேள். அப்பாவுக்காக வாதாடாதே, "அந்தக் காலம் அப்படி" என்றும் சொல்லாதே. அம்மா காதுக்கு இது போக வேண்டாம், இந்த வயதில் அவளைக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மன்னிப்பும் வேண்டாம், நீ ஒரு தப்பும் செய்யவில்லை. "ஆமாம் அக்கா, உனக்கு அப்படித்தான் நடந்தது" என்று உன் வாயால் ஒரு முறை கேட்டால் போதும். செல்லப்பிள்ளையாக இருந்ததில் நீ பட்ட பாடும் ஏதாவது இருக்கும். அதையும் சொல், நானும் குறுக்கே பேசமாட்டேன்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். மாடி அறையை உனக்காக ஒழித்து வைக்கிறோம். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டியே தெரியப்படுத்து.

உன் அக்கா