அசமன்பாட்டுத் தேர்வு: 11-அ பிள்ளைகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பிள்ளைகளே,

விடைத்தாள்களை நேற்று ராத்திரி திருத்தி முடித்தேன். 25 மதிப்பெண் தேர்வு, 9 எடுத்தால் தேர்ச்சி. 42 பேரில் 27 பேர் அந்த 9-ஐ எட்டவில்லை. மார்க்கைப் பார்த்ததும் மனசு கஷ்டப்படும், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தாளை மடித்துப் பைக்குள் செருகிவிடாதீர்கள். பெரும்பாலான தாள்களில் கணக்கு ஒழுங்காகவே போகிறது. ஏதோ ஒரு வரியில் குறி தவறுகிறது, அதற்குக் கீழே எல்லாமே தவறிப்போகிறது. அந்த வரியைத்தான் பச்சை மையில் வட்டம் போட்டிருக்கிறேன்.

இரண்டாம் கேள்வி: −3x > 12. இதற்கு 19 பேர் x > −4 என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, 0 என்பது −4-ஐ விடப் பெரியதுதானே? உங்கள் விடைப்படி 0 பொருந்த வேண்டும். போட்டுப் பாருங்கள்: −3 × 0 = 0. 0 > 12 ஆகுமா? ஆகாது. சரியான விடை x < −4.

'குறை எண்ணால் வகுத்தால் குறியைத் திருப்பு' என்று எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். ஏன் திருப்புகிறோம் என்பதுதான் மனதில் இல்லை. நம் ரயில் பாதையையே எண் கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன் 0. வடக்கே கொருக்குப்பேட்டை 1, தண்டையார்பேட்டை 2. தெற்கே ராயபுரம் −1, பீச் −2. வடக்கே போகப் போக எண் பெரியதாகும். ஆகவே 1 < 2. இப்போது இரண்டையும் −1 ஆல் பெருக்குங்கள். கொருக்குப்பேட்டையில் நின்றவள் ராயபுரத்துக்கு வந்துவிடுவாள், தண்டையார்பேட்டையில் நின்றவள் பீச்சுக்குப் போய்விடுவாள். வடக்கே யார் அதிக தூரத்தில் இருந்தாளோ அவளே இப்போது தெற்கே அதிக தூரத்தில் இருக்கிறாள். அதனால்தான் −1 > −2. குறி திரும்புவது இவ்வளவுதான்.

இருவரும் ஒரே பக்கமாக ஒரே அளவு நகர்ந்தால் யார் முன்னால் என்பது மாறாது. அதனால் கூட்டினாலும் கழித்தாலும் குறி அப்படியே இருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறு நான்காம் கேள்வியில். 2x < −8 என்பதற்கு 11 பேர் x > −4 என்று எழுதியிருக்கிறீர்கள். −8-ஐப் பார்த்ததுமே பயந்து திருப்பிவிட்டீர்கள். வகுத்தது 2 ஆல், அது மிகை எண். வலப்பக்கம் என்ன எண் இருந்தாலும் கவலையில்லை, எதால் வகுக்கிறோம் என்பதை மட்டும் பாருங்கள். ஒரு தாளில் இந்தக் குறியை அடித்து அடித்து எழுதியதில் காகிதமே கிழிந்திருக்கிறது. முதலில் <, அப்புறம் >, மறுபடி <, கடைசியில் >. சரியான விடையை இரண்டு தடவை எழுதிவிட்டு அடித்திருக்கிறாள். அந்தப் பிள்ளைக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. எது சரி என்று முடிவு செய்ய ஒரு வழி வேண்டும், அதற்குத்தான் 0 போட்டுப் பார்ப்பது.

ஆறாம் கேள்வி, (x+1)/(x−3) < 2. மூன்றே பேர் சரியாகச் செய்திருக்கிறீர்கள். மற்றவர்கள் (x−3) ஆல் இரு பக்கமும் பெருக்கி, x+1 < 2x−6, ஆகவே x > 7 என்று முடித்திருக்கிறீர்கள். x−3 மிகையா குறையா என்று யாருக்குத் தெரியும்? x = 10 என்றால் மிகை, x = 0 என்றால் குறை. குறி தெரியாத ஒன்றால் பெருக்கவே கூடாது. 2-ஐ இடப்பக்கம் கொண்டுவாருங்கள்:

(x+1)/(x−3) − 2 < 0
(7−x)/(x−3) < 0
(x−7)/(x−3) > 0

கடைசி வரிக்கு −1 ஆல் பெருக்கினோம், அதனால் குறி திரும்பியது. தொகுதியும் பகுதியும் ஒரே குறியாக இருக்க வேண்டும்: x < 3 அல்லது x > 7. உங்கள் விடையில் x < 3 முழுவதுமே காணாமல் போயிருந்தது. 0 போட்டால் −1/3 < 2, பொருந்துகிறது பாருங்கள்.

x² > 9 என்றால் x > ±3 என்று எழுதாதீர்கள், அதற்கு அர்த்தமே இல்லை. x < −3 அல்லது x > 3. அப்புறம் 5 − 2(x−4) என்பதை விரித்தால் −8 வராது, +8 வரும். இதில் மட்டும் 14 பேருக்கு மார்க் போயிருக்கிறது.

வியாழக்கிழமை மறுதேர்வு. இதே மாதிரிக் கேள்விகள், எண்கள் மட்டும் வேறு. ஒவ்வொரு விடைக்குக் கீழும் ஓர் எண்ணைப் போட்டுச் சரிபார்த்து எழுதினால், அந்த வரிக்குத் தனியாக ஒரு மார்க் தருவேன். சந்தேகம் இருப்பவர்கள் புதன்கிழமை காலை 8 மணிக்கு வாருங்கள். காலையில் அம்மாவோடு காசிமேட்டுக்குப் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரலாம், டப்பாவோடு வந்தாலும் பரவாயில்லை. பச்சை வட்டம் போட்ட தாளை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு மிஸ்