திருச்சூர் பூரம், வெடிக்கெட்டு இரவு: அட்டைப் படத்துக்கான ப்ராம்ப்ட்

ஒரே படம். நெட்டுவாக்கில், நாலுக்கு ஐந்து அளவில். பயண இதழின் சித்திரை மாத அட்டைக்கு. கேமராவில் எடுத்த புகைப்படமாகத் தெரிய வேண்டும். ஓவியச் சாயலோ, வீடியோ கேம் பளபளப்போ, சினிமா போஸ்டர் நிறமோ வேண்டாம்.

இடம்: கேரளத்தின் திருச்சூர், வடக்குநாதர் கோயிலைச் சுற்றியுள்ள தேக்கின்காடு மைதானம். நேரம்: பூர நாள் கழிந்து விடியற்காலை மூன்று மணி. மேட மாதம், அதாவது நம் சித்திரை. மழைக்கு முந்தைய புழுக்கம், இலை அசையாத காற்று. இந்தக் காற்றில்லாமைதான் படத்துக்கு உயிர், ஏனென்றால் புகை எங்கும் கலைந்து போகாமல் மைதானத்தின் மேலேயே தொங்குகிறது.

பார்வைக் கோணம்: ஸ்வராஜ் ரவுண்டு சாலையோரக் கூட்டத்துக்குள் நிற்கும் ஒருவரின் கண் மட்டம். ட்ரோன் பார்வை வேண்டாம், மாடியிலிருந்து பார்ப்பதும் வேண்டாம். படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கூட்டம். நடுப்பகுதி புகையும் வெடியும். மேலே ஆறில் ஒரு பங்கு வெறும் இருட்டு வானம். இதழின் பெயர் அங்கே வரும், அதனால் அங்கே ஒரு பொறிகூட எட்டக் கூடாது. நிலாவும் நட்சத்திரமும் வேண்டாம்.

தூரத்தில் இடது ஓரமாகக் கோயில் கோபுரம், சின்னதாக, நிழலுருவாக. கவனம்: இது கேரளக் கோபுரம். அடுக்கடுக்காகச் சரியும் ஓட்டுக்கூரை, அகலமான தாழ்வாரம், உச்சியில் சிறிய கலசம். மதுரை, ஸ்ரீரங்கம் போலச் சிலைகள் நிறைந்த உயரக் கோபுரம் வந்துவிட்டால் படமே தப்பு. கோபுரத்துக்கு வலப்பக்கம் பெரிய ஆலமரம் ஒன்றின் கிளைகள், அவையும் கறுப்பாக. யானை வேண்டாம்; வெடிக்கெட்டு நடக்கும்போது யானை அங்கே நிற்காது. பந்தல் அலங்கார விளக்குகளும் சட்டத்துக்குள் வர வேண்டாம், அவை வெளிச்சத்தைக் கெடுக்கும்.

வானத்தில் மூன்று வெடிகள், மூன்று வெவ்வேறு கட்டத்தில். கூட்டப்பொரிச்சல் என்று சொல்லும் அந்த உச்சக்கட்டம் வேண்டாம். அந்தக் கணத்தில் மைதானமே வெள்ளையாகிவிடும், எந்தக் கேமராவாலும் நிறத்தைப் பிடிக்க முடியாது. நமக்கு வேண்டியது அமிட்டு என்னும் வானவெடிகள் ஒவ்வொன்றாக மேலே போய் விரிகிற பகுதி.

முதல் வெடி, நடுவிலிருந்து சற்று இடப்பக்கம், முழுமையாக விரிந்த சிவப்பு. சாமந்திப் பூ மாதிரி எல்லாப் பக்கமும் சமமாக நீண்ட இதழ்கள். ஒவ்வொரு இதழும் தனித்தனிக் கோடாகத் தெரிய வேண்டும், நடுவில் வெள்ளைக் குழம்பாக ஒட்டிக்கொள்ளக் கூடாது. கோட்டின் தொடக்கத்தில் ஆழ்ந்த குங்கும நிறம், நுனிக்குப் போகப் போக மங்கி ஆரஞ்சாகி அணைகிறது. ஸ்ட்ரான்ஷியம் உப்பு எரிகிற சிவப்பு இது, ரோஜா நிறத்துக்குப் போக வேண்டாம்.

இரண்டாவது வலப்பக்கம், கொஞ்சம் தாழ்வாக, அணையத் தொடங்கிய பொன்னிறம். வாழைப்பூச் சாறு வழிவது போல மெல்ல வளைந்து கீழே இறங்கும் நூல்கள், அங்கங்கே அறுந்த பொறிகள். மூன்றாவது இவ்விரண்டுக்கும் பின்னால், பாதி புகைக்குள் மறைந்த பச்சை. இதற்குக் கூரான விளிம்பே வேண்டாம்; புகையின் உள்ளிருந்து ஒளிரும் பச்சைப் பொட்டலம் போல இருந்தால் போதும். நீலம் வேண்டுமென்றால் ஏழெட்டு சின்னப் பொறிகள் மட்டும். செம்பால் வரும் நீலம் எப்போதுமே மங்கல்தான், அது பளிச்சென்று எரிந்தால் போலியாகிவிடும். கீழேயிருந்து ஏறும் ஒரே ஒரு வால் கோடு, லேசான நெளிவுடன், அடுத்த வெடி வரப்போகிறது என்று சொல்லட்டும்.

வெளிச்ச அளவுதான் இந்தப் படத்தின் முக்கியமான விஷயம். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, மூன்று விநாடி ஷட்டர் வைத்து, முக்காலியில் எடுத்தது போல. வெடியின் கோடு எவ்வளவு பளிச்சென்று விழும் என்பதை ஐஎஸ்ஓவும் லென்ஸ் துளையும் முடிவு செய்கின்றன. ஷட்டர் நேரம் எத்தனை வெடி ஒரே படத்தில் சேரும் என்பதை. அதனால் மூன்று வெடிக்கு மேல் சேராத நேரம், நிறம் வெளுக்காத துளை. வெடியின் நடுப்புள்ளியில்கூட நிறம் இருக்க வேண்டும். தூய வெள்ளை எங்காவது வருமென்றால் அது ஊசிமுனை அளவுப் பொறிகளில் மட்டும். வெடியைச் சுற்றி ஒளிவட்டம், லென்ஸ் கீற்று, நட்சத்திரக் குறுக்குக்கோடு எதுவும் வேண்டாம். வானமும் மொத்தமாகக் கறுப்பாகிவிடக் கூடாது, அடியில் புகையின் சாம்பல் தெரிய வேண்டும்.

புகை மூன்று அடுக்கு. தரையோடு ஒட்டி, கோபுரத்தின் கீழ்ப்பாதியை மூடியபடி, பழைய புகை: கனமான பழுப்புச் சாம்பல். அதற்கு மேல் புதிய புகை, சுருள் சுருளாக, ஒவ்வொரு சுருளும் பக்கத்து வெடியின் நிறத்தை வாங்கிக்கொண்டு. இடது பக்கம் செம்மண் சாயல், வலது பக்கம் மஞ்சள்பூச்சு, நடுவில் இரண்டும் கலந்து ஒரு மங்கல் ஆரஞ்சு. மேலடுக்கு மெல்லிய படலம், அதன் வழியே வானம் தெரிய வேண்டும். ஒரே மாதிரி பஞ்சு மேகமாக வந்தால் அது பனிமூட்டம். வெடிப்புகைக்குக் கிழிசலும் நூல் நூலான இழுப்பும் உண்டு.

கூட்டம் முழுக்க நிழலுரு, முகம் எதுவும் அடையாளம் தெரியக் கூடாது. ஆனால் ஒரே கறுப்புச் சுவராக இருக்கக் கூடாது. முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் தனித்தனியாகப் பிரிந்து தெரியட்டும்: தோளில் மேல்முண்டு போட்ட பெரியவர், கையை உயர்த்தி நிற்கும் இரண்டு இளைஞர்கள், தலையில் பூ வைத்த பெண், மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவர். எல்லோருடைய தலைமுடி, தோள் விளிம்புகளிலும் தலைமயிர் அளவுக்கு மெல்லிய சிவப்புக் கோடு, பின்னாலிருந்து வரும் வெடி வெளிச்சத்தால். மூன்று விநாடியில் அசையாமல் நின்றவர் கூர்மையாக, கை அசைத்தவரின் விரல்கள் கொஞ்சம் கலங்கலாக. செல்போன் திரை இரண்டு போதும், அதுவும் மங்கலாக. நூறு திரை ஒளிர்ந்தால் இருட்டின் அடர்த்தி போய்விடும்.

படம் நிற்பது ஒரு சின்ன உருவத்தில். நடுவுக்குச் சற்று வலப்பக்கம், அப்பாவின் தோளில் உட்கார்ந்த ஆறு வயசுக் குழந்தை. இரண்டு காதையும் ஆள்காட்டி விரலால் அடைத்துக்கொண்டிருக்கிறது, முழங்கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து. தலை அண்ணாந்திருக்கிறது. அப்பாவின் கைகள் அதன் கணுக்காலை இறுகப் பிடித்திருக்கின்றன. திருச்சூரில் வெடிக்கெட்டைக் கண்ணால் பார்ப்பதைவிட நெஞ்சால் வாங்குகிறோம், அந்த அதிர்வு படத்தில் வர வேறு வழியில்லை. அந்த இரண்டு விரல்கள்தான் சத்தத்தைச் சொல்ல வேண்டும். குழந்தையின் தலைக்குப் பின்னால் சிவப்பு வெடியின் கீழிதழ்கள் வந்து முடியட்டும், தலையின் உருவம் அந்தச் சிவப்புப் புகையில் தெளிவாக வெட்டி எடுத்தது போல நிற்க.

எழுத்து, கொடி, பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம். பூரத்தில் போட்டி போட்டு வெடிவிடும் இரு கோயில் தரப்பில் திருவம்பாடியா பாறமேக்காவா என்று ஊகிக்கும் அடையாளமும் வேண்டாம், இது இரு தரப்பு மக்களுக்கும் உரிய படம். விரல்கள் எண்ணிக்கை சரியாக, கால்கள் தரையில். வெளிச்சம் கூட்டவா குறைக்கவா என்ற சந்தேகம் வரும் எந்த இடத்திலும் குறைவாகவே இருக்கட்டும்.