என் பங்கு: அண்ணாமலைக்கு வள்ளியம்மை தரும் வாக்கு

(கண்டனூர் வீட்டு வளவில், திருப்பூட்டு முடிந்தபின் வாசிப்பதற்கு)

அண்ணாமலை, சபையில பேர் சொல்லிக் கூப்பிடறதுக்கு ஆயாமார் எல்லாரும் இன்னைக்கு மட்டும் மன்னிக்கணும். வாக்குக் கொடுக்கும்போது யாருக்குன்னு தெளிவா இருக்கணும்ல.

இசைவு பிடிமானம் எழுதியாச்சு. ஊர், கோயில், அப்பச்சிமார் பேர், எல்லாம் அதுல இருக்கு. நாம ரெண்டு பேரும் ஒரு வீட்டுக்குள்ள எப்படி இருக்கப்போறோம்ங்கறது அதுல இல்ல. அதை நான் சொல்றேன். செய்ய முடியும்னு தெரிஞ்சதை மட்டும்தான் எழுதியிருக்கேன்.

முதல்ல பணம். செட்டிநாட்டுப் பொண்ணு வேற எதுல ஆரம்பிப்பா?

என் சம்பளம் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும். என் கடன் எவ்வளவுன்னும் இனி தெரியணும்: படிப்புக் கடன் இன்னும் 14 மாசத் தவணை இருக்கு, அதை நானே கட்டி முடிப்பேன். வீட்டுச் செலவுக்கு ஒரு பொதுக் கணக்கு. ரெண்டு பேர்ல யாரும் எடுக்கலாம்னு எழுதிக் கொடுத்துத் திறப்போம். அதுல ஆளுக்கு இத்தனை ரூபான்னு சமமாப் போட வேணாம். உங்க சம்பளம் கூட, என் சம்பளம் குறைச்சல். ஒரே தொகை போட்டா மாசக் கடைசியில உங்க கையில மீதி இருக்கும், என் கை காலியா இருக்கும், மூணாம் மாசம் அது சண்டையா வரும். அதனால அவங்கவங்க சம்பளத்துல நூத்துக்கு 40 ரூபா. மீதி அவங்கவங்க இஷ்டம், கணக்குக் கேட்கமாட்டேன்.

10,000 ரூபாய்க்கு மேல எது வாங்கினாலும் வாங்கறதுக்கு முந்தி சொல்லுவேன், வாங்கிட்டு வந்து இல்ல. யாருக்கும் உங்களைக் கேட்காம ஜாமீன் கையெழுத்துப் போடமாட்டேன், அது என் கூடப் பிறந்த தம்பியா இருந்தாலும். ஜாமீன் போட்டவர்கிட்டயே கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் கேட்கலாம். தம்பி கட்டாம விட்டா அது நம்ம வீட்டுக் கடன். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை காப்பி குடிச்சதும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஐந்தொகை போடுவோம். நம்ம பாட்டன்மார் ரங்கூன்லயும் பினாங்குலயும் பேரேடு வச்சுச் செஞ்சதை நாம செல்போன்ல செய்ய முடியாதா?

என் நகை என் பேர்ல லாக்கர்ல இருக்கும். ஒரு நெருக்கடி வந்து அடகு வைக்கணும்னா வைப்பேன். ஆனா எவ்வளவு, எந்த வட்டி, எந்த மாசம் மீட்கறோம்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான்.

இந்த மாசத்துக்குள்ள மூணு காகித வேலையை நானே முடிச்சுடுவேன். கல்யாணத்தைப் பதிவு பண்ணணும். 90 நாளுக்குள்ள பண்ணலைன்னா கூடுதல் கட்டணம். கல்யாணம் ஆனதுமே நம்ம பழைய பி.எஃப். நாமினேஷன் செல்லாமப் போயிடும், அதைப் புதுசா எழுதணும். இன்ஷூரன்ஸ்ல ஒருத்தர் பேரை ஒருத்தர் சேர்க்கணும். உங்க கையெழுத்து வேணும்னா நீங்க தூங்கறதுக்கு முந்தி கேட்பேன், தூக்கத்துல எழுப்பமாட்டேன்.

அடுத்தது சண்டை. நாம போடுவோம். உங்களுக்கு ராத்திரி ஷிப்ட்; ரெண்டு மணிக்கு வர்ற மனுஷன்கிட்ட அந்த நேரத்துல எந்தப் பஞ்சாயத்தையும் எடுக்கமாட்டேன். ராத்திரி பேசினது காலையில பாதி ஞாபகம் இருக்காது, மீதி தப்பா ஞாபகம் இருக்கும். மறுநாள் சாயங்காலத்தைத் தாண்டி இழுக்கவும்மாட்டேன். பேசாம இருக்கறது எனக்கு ரொம்ப நல்லா வரும், ஒரு வாரம்கூட இருப்பேன், எங்க ஆத்தாவைக் கேட்டுப் பாருங்க. அதை உங்ககிட்ட செய்யமாட்டேன். கோபம் அடங்கலைன்னா, "இன்னும் அடங்கலை, நாளைக்குப் பேசறேன்"னு வாயைத் திறந்து சொல்லிடுவேன்.

நம்ம சண்டை காரைக்குடிக்கும் கண்டனூருக்கும் போன்ல போகாது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல உங்களைக் கேலி பண்ணி ஒரு வரி எழுதமாட்டேன். சொந்தக்காரங்க முன்னால உங்களைத் திருத்தமாட்டேன். நீங்க தப்பான தேதி சொன்னாலும் சரி, வீட்டுக்கு வந்து சொல்லிக்கறேன்.

ஒண்ணே ஒண்ணு விதிவிலக்கு. கை ஓங்கினா, ஒரு தடவையா இருந்தாலும், நான் எங்க அப்பச்சி வீட்டுக்குப் போயிடுவேன், ஏன்னு எல்லாருக்கும் சொல்லுவேன். உங்ககிட்ட அது இல்லன்னு தெரியும். இருந்தாலும் எழுதினதுல இது இருக்கணும்.

பெரியவங்க. நம்ம வழக்கத்துல பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பாக. அதே வளவுல இருப்பாக, அடுப்பும் கணக்கும் மட்டும் தனி. கோபிச்சுக்கிட்டுப் பிரியறது இல்ல அது, கோபம் வராம இருக்கத்தான். நாம சென்னையில இருக்கறதால வேறு வச்சதாவே ஆயிடுச்சு. அதுக்காக அயித்தையை விருந்தாளி மாதிரி நடத்தமாட்டேன். அவுக வந்தா அடுப்படி அவுகளுடையது. நான் வெங்காயம் உரிச்சுக் கொடுப்பேன். அவுக முறையில உழக்கு அரிசியைத் தலை தட்டி அளந்து, அதுமேல கோபுரமா உளுந்து வச்சு வெள்ளைப் பணியாரத்துக்கு ஊறப்போடக் கத்துக்குவேன். என் பணியாரம் எண்ணெய் குடிச்சா உளுந்து கூடிப்போச்சு, கல்லு மாதிரி இருந்தா குறைஞ்சுபோச்சு. எதுவா இருந்தாலும் அயித்தை சொல்லிக் கொடுத்தது தப்புன்னு சொல்லமாட்டேன்.

உங்க அப்பச்சியோட இன்சுலின் என் பொறுப்பு. அவுக நம்மகூட இருக்கற நாள்ல திறக்காததை ஃப்ரிட்ஜ் கதவுல வைக்காம நடுத்தட்டுல வைப்பேன். கதவைத் திறந்து திறந்து மூடினா சூடு மாறும். ஃப்ரீசர் பக்கம் போகவே கூடாது, உறைஞ்சதைத் திரும்ப உபயோகிக்க முடியாது. திறந்த தேதியைப் பேனாவுல மேலேயே எழுதி, நாலு வாரத்துல மாத்திடுவேன். கண்டனூர்ல கரண்ட் போற நாளுக்குன்னு ஒரு சின்ன மண்பானையும் ஈரத்துணியும் எடுத்து வச்சிருக்கேன். இதே கவனம் எங்க ஆத்தாவோட முட்டிக்கும் வேணும். அவுகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போற நாள்ல நீங்க லீவு போடணும்னு கேட்பேன், அதைக் கடமையா நினைச்சுச் செஞ்சாலும் போதும்.

இந்த வீடு. எட்டுப் பங்காளிக்குப் பொது. நம்ம பங்குச் செலவை முதல் ஆளாக் கொடுப்போம், ஏன்னா கடைசி ஆளுக்காகக் காத்திருந்து காத்திருந்துதான் ரெண்டாம் கட்டுல ஓடு சரிஞ்சிருக்கு. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முந்தி ஒரு வாரக் கடைசி இங்க வருவேன். ஓடு பார்க்க ஆள் விட்டு, வளவுத் தண்ணி போற தூம்புல சருகு அடைச்சிருக்கான்னு நானே கையை விட்டுப் பார்ப்பேன். அது அடைச்சா தண்ணி நின்னு சுவர்ல ஏறும். சுண்ணாம்புச் சுவர்ல சிமெண்ட் பூசவிடமாட்டேன், எந்தக் கொத்தனார் எவ்வளவு சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்னு சொன்னாலும். ஈரம் வெளிய வர வழியில்லாம ரெண்டு மழையில பூச்சு உரிஞ்சு வரும். தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் விலை பேச ஆள் வந்தா என் கையெழுத்து கிடைக்காது.

சமையல் திங்கள், புதன், வெள்ளி நான். செவ்வாய், வியாழன், சனி நீங்க. உங்களுக்கு ரசம் மட்டும்தான் வரும்னு தெரியும். ரசம் சாப்பிடறேன். ஞாயித்துக்கிழமை யாரும் சமைக்க வேணாம்.

பிள்ளை எப்பங்கறது நம்ம ரெண்டு பேர் பேச்சு. கேட்கறவங்களுக்கு, உங்க வீட்ல நீங்க பதில் சொல்லணும், எங்க வீட்ல நான் சொல்றேன். தாமதமானா டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் ஒரே நாள்ல போவோம், நான் மட்டும் தனியாப் போகமாட்டேன். பிறக்கலைன்னா பிள்ளை கூட்டிக்கறதும் நம்ம வழக்கம்தான்.

வைரவன்பட்டிக் கோயில்ல இனி நாம ஒரு புள்ளி. புள்ளி வரி தேதி தவறாமக் கட்டறது என் வேலை. பிள்ளையார் நோன்புக்கு எந்த ஊர்ல இருந்தாலும் சேர்ந்துதான் இழை எடுத்துக்குவோம். கார்த்திகைத் தீபத்துல இருந்து நாள் எண்ணி, 21 நூல் திரிச்சு, இழை மாவு நான் பிசைஞ்சு வைக்கறேன். உங்க ஷிப்டை அன்னைக்கு மட்டும் மாத்தி வாங்கிடுங்க. ஆறு மாசம் முந்தியே ஞாபகப்படுத்துவேன், அப்புறம் மறந்துட்டேன்னு சொல்லக் கூடாது.

கொடுக்க முடியாததையும் சொல்லிடறேன். வேலையை விடமாட்டேன். நேமம் கோயிலை மறக்கமாட்டேன், எங்க அப்பச்சி வீட்டுக்கு மாசம் ஒரு தடவை போவேன். காலையில காப்பிக்கு முந்தி இனிமையாப் பேசுவேன்னு சொன்னா அது பொய். ஈரத்துண்டைக் கட்டில் மேல போட்டா கேட்காம இருப்பேன்னும் சொல்ல முடியாது.

உங்ககிட்ட கேட்கறது ரெண்டுதான். உடம்புக்கு ஏதாவதுன்னா முதல்ல என்கிட்ட சொல்லுங்க, கூகுள்கிட்ட இல்ல. வேலையில மனசு சரியில்லாம வர்ற அன்னைக்கு "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லாதீங்க. "இப்பப் பேச வேணாம்"னு சொல்லுங்க, புரிஞ்சுக்குவேன்.

இந்தத் தாள்ல ரெண்டு படி எடுத்திருக்கேன். ஒண்ணு இசைவு பிடிமானத்தோட பெட்டியில இருக்கும், ஒண்ணு சென்னை வீட்டு அலமாரியில. வருஷத்துக்கு ஒரு தடவை, நோன்பு முடிஞ்ச ராத்திரி, எடுத்துப் படிப்போம். நடக்காத வரி இருந்தா அடிச்சுட்டு, நடக்கற மாதிரி எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலாம். அடிக்கறதுக்கு ஒருத்தர் கையெழுத்து போதாது.

என் பங்கு இவ்வளவுதான். உங்க தாளை எடுங்க, சட்டைப் பையில இருக்கறது தெரியுது.