பொருள்: கல்வெட்டியல் வகுப்பு ஸ்லைடுகள் முன்கூட்டியே கிடைக்குமா மேடம்?

வணக்கம் மேடம்,

நான் செல்வகுமரன், எம்.ஏ. வரலாறு முதலாம் ஆண்டு. உங்கள் கல்வெட்டியல் வகுப்பில் முதல் வரிசையில் ஜன்னல் பக்கம் உட்காருகிறவன். ஒவ்வொரு வகுப்புக்கும் முந்தின நாள் சாயங்காலமே அந்த வகுப்பின் ஸ்லைடுகளை எனக்கு மெயிலில் அனுப்ப முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எனக்குக் குறைபார்வை. ஸ்டார்கார்ட் என்று ஒரு பரம்பரை விழித்திரை நோய், விழித்திரையின் நடுப்பகுதியைத்தான் பாதிக்கும். பக்கவாட்டில் ஓரளவு தெரிவதால் யார் துணையும் இல்லாமல் படியேறி வந்துவிடுவேன், ஆனால் எதை நேராகப் பார்க்கிறேனோ அதுதான் கலங்கிப்போகும். நீங்கள் பாடம் நடத்தும்போது நான் வேறெங்கோ பார்ப்பது போலத் தெரிந்தால் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம், உங்களைப் பார்ப்பதற்காகத்தான் கண்ணைச் சற்று தள்ளி வைத்திருப்பேன். கண்ணாடி போட்டால் சரியாகாதா என்று பலரும் கேட்கிறார்கள். ஆகாது மேடம், கோளாறு விழித்திரையில் இருக்கிறது.

முதல் வரிசையில் உட்கார்ந்தும் திரையில் இருப்பதைப் படிக்க முடிவதில்லை. தலைப்பு இருக்கும் இடம் தெரியும், அவ்வளவுதான். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன், அதற்குள் நீங்கள் இரண்டு ஸ்லைடு தாண்டியிருப்பீர்கள், அப்புறம் காதால் கேட்பதும் விட்டுப்போகும். வகுப்பு முடிந்து நண்பர்களிடம் வாங்கிப் படிக்கலாம்தான், ஆனால் மாங்குளம் கல்வெட்டைப் பற்றி எல்லாரும் பேசி முடித்த பிறகு ராத்திரி அறையில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? முந்தின நாளே ஃபைல் கையில் இருந்தால் நிதானமாகப் பார்த்துவிட்டு, வகுப்பில் லேப்டாப்பில் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றி வைத்துக்கொண்டு கூடவே வருவேன்.

எப்படி அனுப்பினால் வசதி என்றும் சொல்லிவிடுகிறேன். பிபிடி ஃபைலாகவே இருந்தால் நல்லது. பிடிஎஃப் என்றாலும் சரி, ஸ்கேன் செய்த படமாக மட்டும் இல்லாமல் இருந்தால் போதும், ஏனென்றால் நீளமான பத்திகளை நான் NVDA என்ற திரைவாசிப்பு மென்பொருளில் கேட்டுத்தான் படிக்கிறேன், படத்தில் உள்ள எழுத்தை அது தானாக வாசிக்காது. இன்னொரு சிக்கல் பழைய ஃபான்ட்கள். பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல் திரையில் சரியாகத் தெரியும், NVDA-வுக்கு அது `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள்தான். அதற்காக நீங்கள் எதையும் திரும்ப டைப் செய்ய வேண்டாம். ஃபைல் கிடைத்தால் நானே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வேன், அதற்கும் சேர்த்துத்தான் ஒரு நாள் அவகாசம் கேட்கிறேன்.

படங்களில், பாறையை நேரடியாக எடுத்த போட்டோ எனக்கு ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிகிறது. மைப்படி அப்படியில்லை, கறுப்பில் வெள்ளை எழுத்து பளிச்சென்று இருப்பதால் பெரிதாக்கினால் எழுத்தின் வளைவுகூடப் பிடிபடும். போன வாரம் நீங்கள் காட்டிய மைப்படியை வகுப்புக்குப் பிறகு ஒரு நண்பனின் போனில் பெரிதாக்கி நானே தட்டுத்தடுமாறி ஒரு வரி படித்தேன், அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த மெயிலையே எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் மைப்படி இருக்கும் கல்வெட்டுகளுக்கு அதையும் ஸ்லைடில் சேர்க்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

வகுப்பில் ஸ்லைடு மாறும்போது எண்ணைச் சொன்னால் நான் லேப்டாப்பில் அதே பக்கத்துக்குப் போய்விடுவேன். லேசர் புள்ளி எனக்குத் தெரியாது, அதனால் "இந்த எழுத்தைப் பாருங்கள்" என்பதற்குப் பதில் "இரண்டாவது வரி, கடைசி எழுத்து" என்று சொன்னால் போதும். பின்வரிசை ஆட்களுக்கும் அது உதவும் என்றே நினைக்கிறேன்.

ஸ்லைடுகள் உங்கள் உழைப்பு என்று தெரியும், யாருக்கும் ஃபார்வர்டு செய்ய மாட்டேன். கடைசி நேரத்தில் மாற்றங்கள் செய்வீர்கள் என்றால் பரவாயில்லை, அரைகுறை வடிவமே போதும். இதற்கு முன் படித்த இடத்தில் தேர்வுக்கு முந்தின வாரம் மொத்தமாக ஒரு பென்டிரைவில் கொடுத்தார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இப்படியான வசதிகளுக்கு இடம் இருக்கிறது, துறை அலுவலகத்தில் கடிதம் ஏதாவது தேவைப்பட்டால் அடையாள அட்டை நகலோடு கொடுத்துவிடுகிறேன். ஆனால் இது நமக்குள் பேசி முடிக்கிற விஷயம் என்று தோன்றியதால் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன்.

வரும் வியாழக்கிழமை புலிமான்கோம்பை நடுகற்கள் என்று சொன்னீர்கள். அதற்கான ஸ்லைடுகள் புதன் சாயங்காலம் கிடைத்தால் அதிலிருந்தே தொடங்கிவிடலாம். நேரில் பேச வேண்டுமென்றால் மதிய இடைவேளையில் உங்கள் அறைக்கு வருகிறேன் மேடம்.

நன்றி,
செல்வகுமரன்
எம்.ஏ. வரலாறு, முதலாம் ஆண்டு