முத்துவுக்கு ஒரு பதில்

முத்து,

ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்தில் நீ என்னைக் காதலிப்பதாகச் சொன்னதிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் சொன்னால் என் முன்னால் நீ சிரித்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். அந்தச் சங்கடம் உனக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு உன்மேல் காதல் இல்லை, முத்து. இனிமேல் வரும் என்றும் தோன்றவில்லை. "இப்போ வேண்டாம், குரூப் 2 மெயின்ஸ் முடியட்டும்" என்று சொல்லித் தள்ளிப்போட்டால், நீ அதை நம்பிக் காத்திருப்பாய். அப்படி உன்னைக் காக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வேலை இல்லாததுதான் தயக்கமாக இருந்தது என்றாயே, அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. நாளைக்கே நீ சார்பதிவாளராகப் போய் உட்கார்ந்தாலும் என் பதில் இதுதான். சாதி, வசதி, வீட்டுக்குப் பயம் என்று எந்தக் காரணமும் இதற்குப் பின்னால் இல்லை. வேறு யாரும் இல்லை. உன்னிடம் எந்தக் குறையும் இல்லை.

நீ சொன்ன விதத்தை நான் மறக்க மாட்டேன். "இல்லைன்னா இல்லைன்னே சொல்லிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாய். அந்த மரியாதைக்காகத்தான் நானும் இவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

அப்பா பெரியாஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி முழுக்க வராண்டாவில் பேப்பரை விரித்துப் படுத்திருந்தாய். விடியற்காலையில் பிளாஸ்கில் டீ வாங்கி வந்து முதலில் அம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்தாய். அதை எதற்காகச் செய்தாய் என்று இப்போது துருவிப் பார்க்க மாட்டேன். என் நண்பன் செய்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த நன்றிக்காக நான் சரி என்று சொன்னால், அது உனக்குச் செய்கிற துரோகம். உன்னை ஆசைப்பட்டுச் சரி சொல்கிற ஒருத்தி உனக்குக் கிடைக்க வேண்டும்.

இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும். ரேவதிக்குக்கூடத் தெரியாது, தெரியவும் வராது. நீ யாரிடமாவது சொல்லி ஆற வேண்டும் என்று நினைத்தால் தாராளமாகச் சொல், எனக்கு வருத்தம் இல்லை.

அப்புறம், நூலகத்துக்கு வருவதை மட்டும் நிறுத்திவிடாதே. நத்தம் ரோட்டில் நீ உட்காரும் அந்த ஜன்னல் பக்கத்து இடம் உன்னுடையதுதான். கொஞ்ச நாளைக்கு நான் வேறு தளத்தில் உட்கார்கிறேன். ராத்திரி மெசேஜும் போட மாட்டேன். கோபம் என்று நினைத்துவிடாதே, உனக்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டியிருக்கும். ஆட்சியியல் நோட்ஸை ரேவதியிடம் கொடுத்தனுப்புகிறேன், கூட்டாட்சிப் பகுதியை மட்டும் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

இதற்கு நீ பதில் போட வேண்டும் என்று இல்லை. பேசத் தோன்றும்போது நீயே கூப்பிடு, எத்தனை மாசம் ஆனாலும் சரி. பழையபடி பழக முடியாது என்று தோன்றினால் அதையும் சொல்லிவிடு, கஷ்டமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன். என்னைக் கேட்டால், நீ என் நண்பனாக எப்போதும் வேண்டும்.

கவிதா