பொருள்: பழைய பீபெரி கொட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிய வறுவல் அனுப்பக் கோருதல்

டவுன்ஹால் ரோடு, மதுரை
14.03.2026

பெறுநர்:
விற்பனை மேலாளர் அவர்கள்,
காபிக்கொட்டை வறுவல் நிலையம், கோயம்புத்தூர்

ஐயா,

வணக்கம். மார்ச் 2ஆம் தேதி நாங்கள் கொடுத்த ஆர்டரின்படி பீபெரி 15 கிலோவும் பிளாண்டேஷன் ஏ 15 கிலோவும் மார்ச் 12 அன்று கடைக்கு வந்து சேர்ந்தன. பிளாண்டேஷன் ஏ பைகளில் வறுத்த தேதி 06.03.2026. அதில் எந்தக் குறையும் இல்லை. இந்தக் கடிதம் பீபெரியைப் பற்றியது.

பீபெரி பைகள் ஒவ்வொன்றிலும் ‘பேக்கிங் தேதி 09.03.2026’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு பையில் அதன் ஓரம் பிரிந்திருந்ததால் உரித்துப் பார்த்தோம். அடியில் உங்கள் அச்சிலேயே ‘வறுத்த தேதி 24.11.2025’ என்று இருந்தது. மற்ற பைகளிலும் அதே தேதிதான். மூன்றரை மாதத்துக்கு முன்பு வறுத்த கொட்டையின் மேல் இந்த வாரத் தேதியை யார் ஒட்டினார்கள், எதற்காக ஒட்டினார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். தவறுதலாகப் பழைய இருப்பு வண்டியேறிவிட்டது என்றால் அதைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் தேதியை மறைக்கும் ஸ்டிக்கர் தானாக ஒட்டிக்கொள்ளாது.

தேதியைப் பார்ப்பதற்கு முன்பே கொட்டை காட்டிக்கொடுத்துவிட்டது. புதிய பையை அழுத்தினால் வால்வு வழியாக மணம் முகத்தில் வந்து மோத வேண்டும். இதில் ஒன்றுமே வரவில்லை. கொட்டையின் மேல் எண்ணெய் கசிந்து பளபளக்கிறது, கையில் பிசுபிசுக்கிறது. இரண்டு வகையையும் ஒரே அளவில் அரைத்து, ஒரே கொதிநீரை ஊற்றிப் பார்த்தோம். பிளாண்டேஷன் ஏ தூள் நுரைத்து உப்பி எழுந்தது. பீபெரி தூள் ஈர மண்ணாக அப்படியே படுத்துக் கிடந்தது. வறுவலில் உண்டான கரியமிலவாயு முழுவதும் வெளியேறிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. டிகாஷன் வழக்கத்தைவிட வேகமாக இறங்கியது. நிறம் இருந்தது, மணம் இல்லை, பழைய எண்ணெயின் சிக்கு வாடைதான் மிஞ்சியது.

எங்கள் கடையில் சிக்கரி சேர்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பாதிக்குப் பாதி பீபெரி, பிளாண்டேஷன் ஏ. அவ்வளவுதான் எங்கள் கலவை. கொட்டையில் குறை இருந்தால் அது ஒளிந்துகொள்ள இடமே இல்லை. 13ஆம் தேதி காலை, நாள் தவறாமல் வரும் பெரியவர்கள் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் நின்று, “கொட்டையை மாற்றிவிட்டீர்களா?” என்று கேட்டார். அந்தக் காலையில் இறக்கிய டிகாஷனைக் கொட்டிவிட்டோம். அதில் கலந்திருந்த உங்கள் நல்ல பிளாண்டேஷன் ஏ தூளும் அதோடு போயிற்று.

தொலைபேசியில் பேசியபோது உங்கள் பிரதிநிதி, “பையில் ஒரு வருடக் கெடு இருக்கிறதே, கெட்டுப்போகவில்லையே” என்றார். குடித்தால் உடம்புக்கு ஆகாது என்று நாங்கள் சொல்லவில்லை. வறுத்து பத்து நாளுக்குள் கடைக்கு வந்து சேர வேண்டும் என்பது எங்கள் ஆர்டரில் எழுதப்பட்ட நிபந்தனை. கிலோவுக்கு 960 ரூபாய் கொடுப்பதும் அந்தப் புதுமைக்காகத்தான். ஒத்துக்கொண்ட விவரத்தோடு பொருந்தாத சரக்கை ஏற்க மறுக்கும் உரிமையை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாங்குபவருக்குக் கொடுத்திருக்கிறது. அதன்படி இந்த 15 கிலோவை நாங்கள் ஏற்கவில்லை.

பிரிக்காத 13 பைகளும், சோதனைக்கும் கடைக்கும் பிரித்த இரண்டு பைகளில் மீதமிருப்பதும் தனியே எடுத்து வைக்கப்பட்டுள்ளன. உங்கள் செலவில் அவற்றை எடுத்துக்கொண்டு, மார்ச் 20க்குள் புதிதாக வறுத்த 15 கிலோ பீபெரியை அனுப்பிவையுங்கள். முடியாதென்றால், விலை 14,400 ரூபாயும் 5 சதவீத ஜிஎஸ்டி 720 ரூபாயும் சேர்த்து 15,120 ரூபாய்க்கு கிரெடிட் நோட் தாருங்கள். இரண்டில் எது என்பதை 17ஆம் தேதிக்குள் தெரிவித்தால்தான் வேறிடத்தில் கொட்டை வாங்குவதா என்று நாங்கள் முடிவெடுக்க முடியும். இனி வரும் ஒவ்வொரு பில்லிலும் லாட் எண்ணோடு வறுத்த தேதியும் அச்சாக வேண்டும். அது இல்லாத சரக்கை வண்டியிலிருந்து இறக்க மாட்டோம்.

உங்கள் வறுவல் நன்றாக இருந்ததால்தான் இத்தனை நாள் வேறு யாரிடமும் விலை கேட்கவில்லை. 20ஆம் தேதிக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், ஸ்டிக்கர் விஷயத்தை உணவுப் பாதுகாப்புத் துறையின் பார்வைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
காபிக்கடை உரிமையாளர்

இணைப்பு: ஆர்டர் நகல், பில் நகல், ஸ்டிக்கரை உரிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள்