செல்வி அக்காவுக்கும் குமாருக்கும்: ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குப் போறதுக்கு முன்னாடி

செல்வி அக்கா, குமார், ரெண்டு பேருக்கும் வணக்கம். மெசேஜ் கொஞ்சம் நீளம். சந்திக்கறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சிடுங்க.

அக்கா, குமார் புதுக்கோட்டைக்காரன். பழைய கண்மாய்களோட மடை, உபரித் தண்ணி வழியற கலிங்கு, கண்மாய்க்கு உள்ளேயே இருக்கற பழைய மதகான குமிழித் தூம்பு எல்லாத்தையும் அளந்து வரைபடம் போடறவன். போன மாசம்தான் பாளையங்கோட்டைக்குக் குடி வந்திருக்கான். அவங்க பக்கத்துக் கண்மாய்ல பெரும்பாலும் மழை பெய்ஞ்சாத்தான் தண்ணி. அணைக்கட்டுல திருப்பி, கால்வாய் வழியா வந்து நிறையற ஆத்துப் பாசனக் குளம் அவனுக்குப் புதுசு. எந்த மாசம் எந்த மட்டத்துல தண்ணி நிக்கும்னு கேட்டுக்கிட்டே இருக்கான். யாருமே பதில் சொல்லலை.

குமார், அந்தப் பதில் அக்காவோட நோட்டுல இருக்கு. அக்கா பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சர். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-லேர்ந்து வருஷா வருஷம் ஜனவரியில நடக்குதுல்ல, அதுல தவறாமக் கலந்துக்கறவங்க. அது போக, சுத்தமல்லிக்குப் பக்கத்துல இருக்கற சின்னக் குளத்துக்கு ஆறு வருஷமா ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் போய்ப் பறவைகளை எண்ணி எழுதறாங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் தேதிக்குக் கீழே, படித்துறையில எத்தனை படி வெளிய தெரிஞ்சுதுன்னு ஒரு எண் இருக்கும்.

நீ ஒவ்வொரு படியும் எத்தனை அங்குலம்னு டேப் வச்சு அளந்துட்டா, அந்த ஆறு வருஷ எண்களும் நீர்மட்டப் பதிவா மாறிடும். படிகள் ஒரே உயரமா இருக்காது, அதனால ஒண்ணை அளந்து பெருக்காதே. தண்ணிக்குள்ள இருக்கற படியில பாசி வழுக்கும். அதையெல்லாம் தண்ணி இறங்கினப்புறம் பாத்துக்கலாம்.

ஆனா படி காட்டறது மேல்மட்டம் மட்டும்தான். அடியில வண்டல் ஏறியிருந்தா ஆழம் வேற. படகு இல்லாத குளத்துல நடுவுல எவ்வளவு ஆழம்னு அளக்கறது உனக்கு எப்பவும் தலைவலி, இல்லையா? அங்கதான் அக்காவோட கண்ணு உனக்கு உதவும். நெடுங்கால் உள்ளான் கால் ஊன்றி நின்னு மேயற இடம்னா தண்ணி முக்கால் அடியைத் தாண்டாது. நாமக்கோழி முங்கி எழுந்தா அங்க அதைவிட ஆழம். எந்தப் பறவை எங்க நிக்குதுன்னு குளத்தோட கோட்டுப்படத்துல குறிச்சாலே வண்டல் மேடு எங்கெங்க இருக்குன்னு ஒரு அளவுக்குப் பிடிபடும்.

அக்கா, உங்களுக்கும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. சில வருஷம் வாத்துக் கூட்டம் பிப்ரவரி கடைசி வரைக்கும் நிக்குது, சில வருஷம் ஜனவரியிலேயே காலி. மழையை மட்டும் வச்சுப் பாத்தா அது பொருந்தலைன்னு சொல்வீங்க. பிசான நெல்லுக்கு மடையை எப்போ திறந்தாங்க, கலிங்குல பலகை போட்டுத் தண்ணியை உயர்த்தி வச்சாங்களா, இதை எல்லாம் குமார்கிட்ட கேளுங்க. கலிங்குக் கல்லுல இருக்கற தண்ணித் தடத்தைப் பாத்தே நிறைய சொல்லிடுவான். நீர் பாய்ச்சறவர்கிட்ட கூச்சப்படாமப் பேசி மீதியையும் வாங்கிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை முதல்ல எண்ணிக்கை, அப்புறம்தான் அளவு. இதை மட்டும் மாத்தாதீங்க. குமார் டேப்போட படித்துறையில இறங்கினா அந்தக் கரையோரம் இருக்கறது எல்லாம் பறந்துடும், அன்னிக்கு எண்ணினது எதுக்கும் ஆகாது. ஆறு மணிக்குக் கீழ்க்கரையில நின்னா வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், பறவையோட நிறம் தெளிவாத் தெரியும். ஏழரைக்குள்ள எண்ணி முடிஞ்சிடும். அதுக்கப்புறம் படித்துறை, கலிங்கு, கடைசியா மடை.

குமார், எண்ணிக்கிட்டு இருக்கும்போது அக்கா பேச மாட்டாங்க, கேட்டாலும் பதில் வராது. கோவம்னு நெனச்சுடாதே. உதட்டுக்குள்ள எண்ணிக்கிட்டு இருப்பாங்க, நடுவுல பேசினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். நோட்டை நீ வாங்கி அவங்க சொல்றதை எழுது, அந்த வேலை ரெண்டு பேர் இருந்தா ரொம்பச் சுலபம். அக்கா, குமார் எடுத்ததும் ஊரு, குடும்பம்னு விசாரிச்சா ஒத்த வார்த்தையில முடிச்சுடுவான். அவன் வரைஞ்ச குமிழித் தூம்பு படத்தைக் காட்டச் சொல்லுங்க. நீரோடித் துளை, சேறோடித் துளைன்னு ஆரம்பிச்சான்னா டீக்கடை வரைக்கும் பேசிக்கிட்டே வருவான்.

அக்காகிட்ட ஒரு பைனாகுலர்தான் இருக்கு. குமார், என்னோடதை சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுல வந்து வாங்கிக்கோ. டேப் முப்பது மீட்டரா எடுத்துக்கோ. அக்கா, 2019 நோட்டையும் இப்போதைய நோட்டையும் மட்டும் கொண்டு வந்தாப் போதும்.

ரெண்டு பேர் நம்பரும் இந்த குரூப்லயே இருக்கு. குமார், சின்னவன் நீதான், இன்னிக்கு ராத்திரியே அக்காவுக்கு ஒரு போன் போட்டு எங்க நிக்கணும்னு கேட்டுடு.